வராதீர்கள் என்று சொல்லப் போன நாள்

அத்தையின் லயத்து அறை, காம்பரா, சாத்தியிருந்தது. பூட்டு கூட இல்லை. கதவுக் கொண்டியில் ஒரு ரப்பர் விளாறு செருகியிருந்தது. அவ்வளவுதான் பாதுகாப்பு.

மழை விட்டு கால் மணி நேரம் ஆகியிருக்கும். லயத்துத் தகரத்திலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டியது. காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரத்தம் நிற்கட்டும் என்று வாசல் படியில் உட்கார்ந்தேன். தெரணியகலையிலிருந்து மேலே ஏறி வந்திருந்தேன். மூச்சு வாங்கியது. கையில் ஒன்றும் இல்லை.

கையில் ஒன்றும் இல்லை என்பதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்று வாரங்களுக்கு முன் இதே படிக்கு நான் வந்தபோது என் கையில் பித்தளைத் தட்டு இருந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, ஒரு முழம் பூ. பக்கத்தில் அம்மா. அப்போது "வாங்க" என்று அழைக்கப் போனோம். இப்போது "வராதீங்க" என்று சொல்ல வந்திருந்தேன்.

அழைப்பதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. எந்தக் கையால் தட்டை நீட்ட வேண்டும், வெற்றிலைக் காம்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும், யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும், எல்லாம் உண்டு. அழைத்ததைத் திரும்ப எடுப்பதற்கு ஒரு முறையும் இல்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துப் பார்த்தேன். எதைத் தட்டில் வைத்து அதைச் சொல்வது?

"யாரு அது, மாரியாயி வூட்டு வாசல்ல?" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"அவங்க தம்பி மகளுங்க. யட்டியாந்தோட்டைப் பக்கம்."

"அட, வசந்தியா! வெத்தில வைக்க வந்த புள்ள தானே? ரப்பர் பால் வெட்டிட்டு வர்ற நேரம்தான். மழையில பிந்திப் போச்சு இன்னிக்கு. இரு." பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்க வந்துட்டுப் போனதும் ஒங்கத்தைக்கு அந்தப் பேச்சுதான். தம்பி வூட்டுல நெறகொடம் தூக்கப் போறாளாம். புதுச் சீலை வேற!" என்றாள்.

காலில் ரத்தம் நின்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தேன்.

ஏழு பேர்ச்

எந்த வீடு, என்ன நிறைகுடம் என்று சொல்லிவிடுகிறேன்.

லயத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: ஒரு நீளக் கட்டடம். நடுவில் சுவர்கள். சுவருக்குச் சுவர் ஒரு குடும்பம். அப்பா பிறந்ததும் அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக்குள்தான், நான் பிறந்ததும் அதற்குள்தான். பக்கத்துக் காம்பராவில் வெங்காயம் தாளித்தால் எங்கள் கண் எரியும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தோட்டத்தில் சில குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணி, ஒரு சின்ன வீட்டுக்கும் முற்றத்துக்கும் போதுமான நிலம், பிரித்துக் கொடுத்து, நீங்களே வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்பா பெயரும் வந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயரை வாசித்தபோது அப்பா கையைத் தூக்கவே இல்லையாம். கங்காணிதான், "ஒன்னதான்டா கூப்புடுறாங்க" என்று முதுகில் தட்டினாராம்.

பிறகு ஒன்றரை வருடம் நாங்கள் மணலும் கல்லும்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் கையெல்லாம் சீமெந்து. இரண்டு அறை, ஒரு கூடம், சமைக்கத் தனியாக ஒரு குசினி. வேறு ஒருவரோடும் பங்கு போடாத நான்கு சுவர்கள். நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, தோட்டப் பாடசாலையில் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மீதி நேரமெல்லாம் வீட்டுக்குத்தான். வரைபடம் போட்டது நான். கடிதம் எழுதியது நான். மேசன் பாஸோடு சிங்களத்தில் மல்லுக் கட்டியது நான். பால் காய்ச்சும் நாளைக் குறித்ததும் நான்தான்.

வைகாசிக் கடைசியில் பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நாள். எல்லாத் தோட்டத்திலும் லீவு. வைகாசி முடிந்தால் ஆனி, ஆடி. குடி போக ஆகாது. "அன்னிக்கே வச்சிருவோம்" என்றேன். கோயில் பூசாரியும் சரி என்றார். எனக்கு எதையும் உடனே செய்து முடிக்க வேண்டும், நான் அப்படிப்பட்ட ஆள்.

அதோடு இன்னொன்றையும் நானே இழுத்துப் போட்டேன். புது வீட்டுக்குள் முதலில் நிறைகுடம் தூக்கிப் போக வேண்டியது அந்த வீட்டில் பிறந்த பெண். அப்பாவுக்கு ஒரே அக்கா. மாரியாயி அத்தை. அப்பாவும் அத்தையும் பேசிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

பிந்திப் போன ஆள்

தாத்தா செத்த வருடம் பெரிய மழை. எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. விடியற்காலையில் உயிர் போனது. அத்தைக்குச் சொல்ல ஆள் போனபோது மதியம் தாண்டிவிட்டது. அத்தை வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்து, ஆண்கள் ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஓடி வந்த காட்சி எனக்கு நினைவிருக்கிறது. தலை விரிந்து, ஒரு கால் செருப்பு இல்லாமல். "எங்கப்பன் மொகத்த ஒருக்காப் பாக்க வுடலியேடா!" என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அப்பா நிறையச் சொன்னார். ஆறு பெருகிவிட்டது, பாலத்தில் பஸ் இல்லை, அனுப்ப ஆள் கிடைக்கவில்லை, மழையில் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். அத்தை எதையும் கேட்கவில்லை. தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முழுவதும் எங்களுக்கு அறுந்து போனது. அத்தையின் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் அப்பாவின் பங்காளிகள் இரண்டு குடும்பம். அவர்களையும் பார்ப்பதில்லை. அவர்களின் பெயரும் எங்கள் வீட்டில் அடிபடாது.

இதைத்தான் நான் ஒரு தட்டு வெற்றிலையால் சரி செய்யப் பார்த்தேன். அப்பாவிடம் கேட்டபோது ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அத்தை தட்டை வெகு நேரம் பார்த்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"வர்றேன்னு சொல்லு" என்றார்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் தலையைத் தடவினார். நான் உலகத்தையே ஜெயித்த மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

கிழித்துப் போட்ட கடிதம்

அதற்குப் பத்து நாள் கழித்து, ரம்புக்கனைப் பக்கம் இருக்கும் மாமாவுக்கு, அம்மாவின் அண்ணனுக்கு, வெற்றிலை வைக்கக் கிளம்பினோம். அம்மா தட்டோடு ரோட்டில் நிற்க, நான் தோட்டத்து ஆபீஸுக்குத் தபால் பார்க்க ஓடினேன். அப்பா பெயருக்கு ஒன்று வந்திருந்தது. பிரித்தேன். கறுப்புக் கரை போட்ட கருமாதிப் பத்திரிகை.

கருமாதிப் பத்திரிகையை வீட்டுக்குள் கொண்டு போகக்கூடாது. வாசித்தவுடன் கிழித்து எறிய வேண்டும். எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானோ நல்ல காரியத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெயரைப் பார்த்தேன். தெரியாத பெயர். இரண்டாகக் கிழித்து, நான்காகக் கிழித்து, ஆபீஸ் முன்னால் தண்ணீர் ஓடும் கானில் போட்டுவிட்டு ஓடினேன். சாயந்திரம் அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

சாயந்திரம் கூரைத் தகட்டு லொறி வந்தது. மறந்து போனேன்.

இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றும் இல்லை.

போயாவுக்கு எட்டு நாள் இருந்தது. யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவுக்குப் போன அப்பா சாமானில்லாமல், வெறுங்கையோடு வந்தார். லயத்துக்குள் ஏறவில்லை. நேராகப் பீலிக்குப் போய், சட்டையோடு சாரத்தோடு தண்ணீரின் கீழ் நின்றார். அம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டார். துக்கச் செய்தி கேட்டவர் மட்டும்தான் அப்படி உடுப்போடு தலை முழுகுவார்.

கடைத்தெருவில் ஒரு மொட்டைத் தலைப் பையன் அப்பாவின் கையைப் பிடித்து, "ஏன் சித்தப்பா நீங்க வரல? கடுதாசி போட்டமே" என்று கேட்டிருக்கிறான். செத்தவர் அவனுடைய தகப்பன். அப்பாவின் பெரியப்பா மகன். எனக்குப் பெரியப்பா முறை. தெரணியகலைப் பக்கத்துப் பங்காளி. கருமாதி முடிந்து இரண்டு நாளாகியிருந்தது.

"கடுதாசி வந்துச்சா?" என்று அப்பா கேட்டார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"வந்துச்சுப்பா."

அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது போதும் எனக்கு.

பங்காளி வீட்டுச் சாவு என்றால் எங்களுக்கு முப்பது நாள் தீட்டு. போயா அதற்குள் விழுந்தது. அதற்குப் பிறகு ஆனி, ஆடி. ஆவணியில் வரும் பினர போயாதான் அடுத்த நாள். மூன்று மாதம் தள்ளிப் போனது.

"வூடு எங்கயும் ஓடாது" என்றார் அப்பா, ஈரத் துணியைப் பிழிந்தபடி. "நீ வச்ச வெத்தில. நீயே போயி சொல்லு. அக்காகிட்ட மொதல்ல சொல்லு. லேட்டாக்காத."

பேசிப் பேசிக் கெடுத்தது

நான் அக்காவிடம், அதாவது அத்தையிடம், முதலில் போகவில்லை. பயம். அந்த ஒரு வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டுக்கும் முதலில் போகலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

எங்கள் தோட்டத்திலேயே கீழ் லயத்தில் அப்பாவுக்குத் தம்பி முறையான சித்தப்பா. அவரும் பங்காளிதானே, இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரே கடிதம்தான், செய்தி கேட்டு அவரும் தலை முழுகிவிட்டு வந்து, "படிச்ச புள்ளைன்னு கடுதாசிய ஒங்கிட்ட வுட்டதுக்கு நல்லாத்தான் செஞ்ச" என்றார். அதோடு சரி. கோயில் அண்டாக்களுக்குச் சொல்லி வைத்திருந்ததை அவரே போய் மாற்றினார். என் பக்கம் திரும்பவில்லை.

கதிரை கொடுப்பதாகச் சொன்னவர் கீழே கிராமத்தில் இருக்கும் குணபால அய்யா. சாவு வீட்டுக்கு உதவும் அவர்கள் சங்கமான மரணாதார சமிதியின் கதிரைகளும் கூடாரமும்தான் எங்கள் பக்கத்து நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வரும். எங்களுக்காக அன்றைய நாளை வேறு ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். "மகே வெரத்த அய்யே" என்று தொடங்கினேன். என் தவறுதான், அண்ணா. அவர் புத்தகத்தைத் திறந்து எங்கள் பெயரை அடித்துவிட்டு, "கமக் நே நங்கி" என்றார், பரவாயில்லை தங்கச்சி என்று. "செப்டெம்பரா? எழுதிக்கொள்கிறேன்" என்று சிங்களத்தில் சொல்லி முடித்துவிட்டார். இரண்டு நிமிஷம். அந்நியரிடம் எவ்வளவு சுலபம்!

மறுநாள் மாமா வீட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.

மாமாவுக்கு, ரம்புக்கனையிலிருந்து பஸ் ஏறிப் போகும் ஒரு தோட்டத்தில் ஸ்டோரில் வேலை. போயா அன்று வர, இன்னொருவரோடு முறையை மாற்றி, இரண்டு ஞாயிறு வேலை செய்திருந்தார். தங்கை வீட்டுக்கென்று குத்துவிளக்கு வாங்கி, அதில் எங்கள் பெயரையும் அந்தத் தேதியையும் வெட்டி வைத்திருந்தார். விளக்கை என் முன்னால் வைத்துத்தான் மாமி தேத்தண்ணி கொடுத்தார்.

நான் பேச ஆரம்பித்தேன். பத்திரிகை வந்தது, அம்மா ரோட்டில் நின்றது, பஸ்ஸுக்கு நேரமானது, பெயர் தெரியாதது, லொறி வந்தது. ஒவ்வொன்றாக அடுக்கினேன். நான் அடுக்க அடுக்க மாமா ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"எத்தன தலமொற பங்காளி அது? மூணு தாண்டிட்டா தீட்டு கெடையாதே."

"இல்ல மாமா, அப்பாவோட சொந்தப் பெரியப்பா மகன்..."

"பதினாறோட முடிச்சிக்கிற ஆளுக இல்லியா? எங்கள்ல பதினாறுதான்."

"எங்கள்ல முப்பதுங்க மாமா."

"அப்ப ஐயர கூப்புட்டு ஒரு புண்ணியதானம் பண்ணிட்டாப் போச்சு. நான் பேசுறேன் ஒங்கப்பாகிட்ட. கடுதாசி கெடைக்கவே இல்லன்னு சொன்னா யாருக்குத் தெரியப் போவுது?"

கடைசியாகச் சொன்னது எனக்கே ஒரு நிமிஷம் நன்றாகத்தான் பட்டது. அதுதான் பயங்கரம். நான் அடுக்கியது எல்லாம் காரணங்கள். காரணம் என்றால் அதற்கு மாற்று வழி சொல்லத்தான் செய்வார்கள். அவர் குற்றமில்லை. ஒரு மணி நேரம் போனது. நாள் மாறியதா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மாமிக்குப் பொறுமை போயிற்று. "இந்தா புள்ள, வரணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு. நான் அரிசி ஊறப் போடணுமா வேணாமா?"

"வேணாங்க மாமி. போயாவுக்கு இல்ல. ஆவணியில. பினர போயா அன்னிக்கு. தப்பு என்னோடது. மாமா ரெண்டு ஞாயித்துக்கெழம வேல செஞ்சது வீணாப் போச்சு. விளக்குல தேதியும் தப்பாப் போச்சு."

மாமா விளக்கைக் கையில் எடுத்துத் தேதியைத் தடவிப் பார்த்தார். வெகு நேரம் தடவினார்.

"தேதி இருக்கட்டும்" என்றார் பிறகு. "ஒனக்கு ஞாபகம் இருக்கும்ல."

அந்த விளக்கு இன்றும் அந்தத் தேதியோடுதான் எங்கள் சாமி மாடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்பார்கள். அப்பா, "இவகிட்ட கேளுங்க" என்பார்.

வாளியோடு வந்தவர்

அடுத்த நாள்தான் அத்தையின் வாசல் படி.

அவர் வந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. தலையில் சாக்குக் கொங்காணி. கையில் காலி வாளி. பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். உடம்பெல்லாம் அந்தப் புளித்த பால் மணம். விரலிடுக்கில் ரப்பர் காய்ந்து நூல் நூலாகத் தொங்கியது. என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"வா" என்றார்.

உள்ளே கம்பிக் கொடியில் புதுச் சீலை தொங்கியது. மடிப்புக் கலையவில்லை. கிளிப்பச்சை.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கதை பேசத் தொடங்கிவிடுவேன் என்று தெரிந்தது.

"அத்தை, போயாவுக்கு பால் காய்ச்சல. நாள் மாறிடுச்சு. தப்பு நான் செஞ்சது. ஒங்களுக்கு லீவு, சீலை, எல்லாம் வீணாக்கிட்டேன். ஆவணியில பினர போயா அன்னிக்கு வைக்கிறோம். நெறகொடம் நீங்கதான் தூக்கணும்."

அத்தை விரலில் ஒட்டியிருந்த ரப்பரை உரித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"தீட்டுல வூடு குடி போக முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? அண்ணன் செத்த அன்னிக்கு மொத ஆளாப் போயி வுழுந்தவ நான்தான். கருமாதிக்கும் போனேன்." உரித்த ரப்பரை உருண்டையாக்கினார். "அங்க வாசலயே பாத்துகிட்டு ஒக்காந்திருந்தேன். ஒங்கப்பன் வருவான்னு. வரல. சரி, நான் இருக்கேன்னுதான் வரல, பங்காளி சாவுக்குக் கூட வராத அளவுக்கு என்னையப் புடிக்கலன்னு நெனச்சிகிட்டேன். அப்பறம் எதுக்கு வெத்தில வச்சீங்க? மகள அனுப்பி என்னைய வெளையாட்டு காட்டுறானான்னு நெனச்சேன்."

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. கானில் போட்ட அந்த நான்கு துண்டுத் தாள் இங்கே வந்து இப்படி ஒரு வேலை செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இல்லத்தை. அப்பாவுக்குத் தெரியாது. கடுதாசி வந்துச்சு. நான்தான் பிரிச்சேன். கிழிச்சிட்டு சொல்ல மறந்துட்டேன். அப்பாவுக்கு மூணு நாளைக்கு முன்னதான் தெரியும். பீலியில உடுப்போட நின்னாரு."

"மூணு நாளைக்கு முன்னயா?"

"ஆமா."

"இந்த மூணு நாளும் நீ எங்க இருந்த?"

பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பாடசாலை, மழை, பஸ். எல்லாம் தயாராக இருந்தன.

"அப்பா ஒங்ககிட்டதான் மொதல்ல போகச் சொன்னாரு. எனக்குப் பயம். மாமா வூட்டுக்கு மொதல்ல போயிட்டேன்."

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மொதல்ல போகச் சொன்னானா? அவனா?"

"ஆமாங்கத்தை. லேட்டாக்காதன்னு சொன்னாரு."

அவர் அடுப்பில் சுள்ளியைத் தள்ளி ஊதினார். புகை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது புகைதானா என்று நான் பார்க்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரி வாசலில் தலை நீட்டினாள்.

"என்ன மாரியாயி, மருமக வந்திருக்கு? பயணம் கூட்டிப் போகவா?"

"ஒனக்கு ஒல கொதிக்கலியா? போடீ!" என்றார் அத்தை.

சாயத் தேத்தண்ணியும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"லயம் பூரா சொல்லி வச்சிருக்கேன். இப்ப போகலன்னா இவளுக என்னா சொல்லுவாளுக? பதினொரு வருஷத்துக்கப்பறம் கூப்புட்டாங்க, திரும்ப வேணாமின்னுட்டாங்கன்னு சொல்லுவாளுக. அதுக்கு என்னா செய்வ நீ?"

"ஒண்ணும் செய்ய முடியாதுங்கத்தை."

"ஆவணிக்கு ஒங்கப்பன் நேர்ல வந்து கூப்புடுவானா?"

ஒரு மாதம் முந்தியிருந்தால், "கட்டாயம் வருவாரு, நான் கூட்டிட்டு வர்றேன்" என்று துள்ளியிருப்பேன்.

"கேட்டுப் பாக்கிறேன். வருவாருன்னு என்னால சொல்ல ஏலாது."

"ம்" என்றார். அவ்வளவுதான். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் இறங்கும்போது கொடியிலிருந்து சீலையை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மூடி விழுந்த சத்தம் படி இறங்கும்வரை காதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கருமாதி வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்ததைச் சொன்னபோது, அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

பொசன் அன்று

விடியும்போதே மழை. கீழே கிராமத்துப் பன்சலையில், பௌத்த விகாரையில், பிக்கு ஓதும் சத்தம் கேட்டது. அன்று எங்கள் வீட்டில் அடுப்பு நிறையப் பாலும், வாசல் நிறைய ஆட்களும் இருந்திருக்க வேண்டும். அம்மா கஞ்சி வைத்தார். நான் வெற்றிலை வைத்த பித்தளைத் தட்டைக் கழுவினேன். நூறு தடவை கழுவியிருப்பேன். அப்பா லயத்து முன்னால் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

பத்து மணி இருக்கும். ரோட்டு வளைவில் ஒரு அழுகுரல்.

எங்கள் பெண்கள் துக்கம் கேட்க வரும்போது, வீடு கண்ணுக்குத் தெரிந்த இடத்திலேயே குரல் எடுப்பார்கள். லயத்துச் சனம் எல்லாம் வாசலுக்கு வந்தது. வளைவில் குடையில்லாமல் ஒரு பெண். பழைய கைத்தறிச் சீலை. முந்தானையை வாயில் பொத்தி, "எங்கண்ணன் போயிட்டாரே... ஆளில்லாமப் போயிட்டாரே..." என்று ராகம் இழுத்துக்கொண்டு ஏறி வந்தார்.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார்.

அத்தை நேராக அவர் முன்னால் வந்து நின்றார். அழுகை அந்த இடத்திலேயே நின்றது.

"துக்கம் கேக்க வந்தேன்" என்றார். "இதுக்கு என்னைய யாரும் கூப்புடணும்னு இல்ல."

அம்மா ஓடிப் போய் அத்தையைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் உட்கார்ந்து முறைப்படி அழுதார்கள். ஆண்கள் இரண்டு கையையும் நீட்டித் துக்கம் வாங்குவது வழக்கம். அப்பாவும் அப்படித்தான் கையை நீட்டிக்கொண்டு நின்றார், யாரிடம் என்று தெரியாமல். அத்தை அந்தக் கைகளைப் பிடித்தார்.

"அன்னிக்கு அப்பாவுக்கு..." என்றார் அப்பா. ஆற்றைப் பற்றியும் பாலத்தைப் பற்றியும் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "ஆள் அனுப்ப லேட்டாக்கிட்டேன்க்கா."

அத்தை, "ஆமா" என்றார்.

அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தார். அத்தை குடித்தார். கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எங்க அந்த வூடு?" என்று கேட்டார்.

தீட்டு. உள்ளே போக முடியாது. அப்பா முன்னால் நடந்தார், அத்தை பின்னால், நான் குடையோடு இருவருக்கும் நடுவில், யாருக்குப் பிடிப்பதென்று தெரியாமல். புது வீட்டுக்கு நான்கடி தள்ளி, மண் மேட்டில் நின்றோம். அத்தை கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், குசினியைச் சுற்றிப் போய்ப் பார்த்தார்.

"இந்தக் குசினிக் கதவ யார்ரா இந்தப் பக்கம் வைக்கச் சொன்னது? காத்தடிச்சா பொகையெல்லாம் வூட்டுக்குள்ளதான் போவும்."

"பாஸ்தான் அப்படி வச்சான்க்கா."

"பாஸு வைப்பான். ஒனக்கு எங்க போச்சு புத்தி?"

"அந்தப் பக்கம் பாறக்கா. ஒடைக்க முடியாது."

"பாறையாம். காட்டு பாப்பம்."

அப்பா காட்டப் போனார். இரண்டு பேரும் மழையில் சுவரோரமாக, மாறி மாறிக் கை நீட்டிக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டே மூலை திரும்பி மறைந்தார்கள். நான் குடையை மடக்கிவிட்டு அங்கேயே நின்றேன். கடைசி பஸ்ஸுக்கு அத்தையை ஏற்றிவிட அப்பாதான் போனார். ரோடு வரைக்கும் அவர்கள் சத்தம் கேட்டது. கதவைப் பற்றித்தான்.